கிரெடிட் கார்டு பாக்கி: மாதம் ஒரே தொகை கட்டினால் எப்போது தீரும்? கணக்குப் போடும் முழு வழிகாட்டி

"அண்ணா, கார்டுல அறுபதாயிரம் பாக்கி நிக்குது. மாசம் நாலாயிரம் கட்டினா பதினஞ்சு மாசத்துல முடிஞ்சிருமில்ல?"

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கோயமுத்தூர் போய் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று கார்டில் தேய்த்து வாங்கிய பிறகு பல வீடுகளில் எழும் கேள்வி இது. அறுபதை நாலால் வகுத்தால் பதினைந்து வருவது சரிதான். ஆனால் கார்டு பாக்கி அப்படிக் குறையாது. இதே பாக்கி, இதே தவணைக்கு உண்மையான விடை 24 மாதம். கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருக்கும் பணம் 95,500 ரூபாய்க்குச் சற்று மேல். அந்த 24 எப்படி வருகிறது, உங்கள் பாக்கிக்கு அதை நீங்களே எப்படிப் போடுவது, போட்ட கணக்கு எங்கே பிசகும் என்பதைப் பார்ப்போம்.

முதல் படி: ஸ்டேட்மென்ட்டிலிருந்து மூன்று எண்கள்

மாத ஸ்டேட்மென்ட்டைத் திறந்து Total Amount Due என்று அச்சாகியிருக்கும் தொகையை எடுங்கள். அதுதான் தொடக்கப் பாக்கி. எந்த மாத ஸ்டேட்மென்ட் என்பதிலும் கவனம் வேண்டும். பாக்கியை முதல்முறை முழுசாகக் கட்டாமல் விட்ட மாதத்தை விட்டுவிட்டு, வட்டி ஏற்கெனவே ஒருமுறை விழுந்துவிட்ட ஸ்டேட்மென்ட்டிலிருந்து தொடங்குங்கள். காரணம் இதுதான்: முழுத் தொகையும் கட்டவில்லை என்றால், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். ஆகஸ்ட் 10-ல் 60,000-க்கு வாங்கி, 20-ம் தேதி பில் வந்து, செப்டம்பர் 8-ல் 4,000 கட்டினால், அடுத்த பில்லில் 30 நாள் வட்டிக்குப் பதிலாக 41 நாள் வட்டி வரும். மாதம் 3.5 சதவீத வட்டியில் அது வரியோடு ஏறத்தாழ 3,275 ரூபாய். நாலாயிரம் கட்டியும் பாக்கி 725 ரூபாய்தான் இறங்கியிருக்கும். முதல் மாதம் மட்டும் இப்படிக் கோணலாக வரும். அதன்பிறகு கணக்கு ஒழுங்காக ஓடும்.

இரண்டாவது எண் வட்டி விகிதம். ஸ்டேட்மென்ட்டின் பின்பக்கத்திலோ கட்டண அட்டவணையிலோ மாத விகிதமாகவும் ஆண்டு விகிதமாகவும் போட்டிருக்கும். நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் கார்டுகளில் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை பார்க்கலாம். 3.5 என்றால் ஆண்டுக்கு 42. ஆண்டு விகிதம் மட்டும் தெரிந்தால் 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, Minimum Amount Due. அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. நீங்கள் கட்ட நினைக்கும் மாதத் தொகை இதைவிடக் குறையக் கூடாது. சில கார்டுகளில் இது மொத்தப் பாக்கியில் 5 சதவீதம். வேறு சில கார்டுகளில் அந்த மாத வட்டி, வரி முழுவதும் போக அசலில் ஒரு பங்கையும் சேர்த்துக் கேட்பார்கள். 60,000 பாக்கிக்கு முதல் வகையில் 3,000 வரும். இரண்டாவது வகையில் அது ஐயாயிரத்தைத் தாண்டலாம். அப்படிப்பட்ட கார்டில் நாலாயிரம் கட்டினால் தாமதக் கட்டணம் விழும், கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும். ஆகவே அடுத்தவர் கார்டை வைத்து ஊகிக்காமல், உங்கள் ஸ்டேட்மென்ட்டில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: வட்டியோடு வரியையும் சேர்ப்பது

பெரும்பாலானவர்களின் கணக்கு சறுக்குவது இங்கேதான். வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு உண்டு, 18 சதவீதம். ஸ்டேட்மென்ட்டில் வட்டி ஒரு வரியிலும் வரி இன்னொரு வரியிலும் வருவதால், வட்டி விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிடுகிறோம். எல்லையோரத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கேரள முகவரியில் உள்ள ஒருவருக்கு ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே வரியாக வரலாம். வேறொருவருக்கு 9, 9 என்று இரண்டாகப் பிரிந்து வரலாம். பிரிந்து வந்தாலும் கூட்டினால் அதே 18 தான். எந்த மாநில முகவரி என்பதால் பாக்கி தீரும் காலம் மாறாது.

எனவே மாத விகிதத்தை 1.18-ஆல் பெருக்குங்கள். 3.5 என்பது 4.13 ஆகும். 3.75 என்றால் 4.425. கீழே வரும் கணக்கெல்லாம் 4.13-ஐ வைத்தே போட்டிருக்கிறது. வரியை மறந்து 3.5-ஐ வைத்துப் போட்டால் நம் உதாரணத்துக்கு 22 மாதம் என்று வரும். இரண்டு தவணை குறைத்து மதிப்பிட்டதாகிவிடும்.

மூன்றாம் படி: வட்டிப் பங்கு

பாக்கியை வரி சேர்ந்த விகிதத்தால் பெருக்குங்கள். 60,000 × 0.0413 = 2,478. இதில் 2,100 வட்டி, 378 வரி. நீங்கள் கட்டும் 4,000-ல் இந்த 2,478 முதலில் போய்விடும், மிச்சம் 1,522 தான் பாக்கியைக் குறைக்கும். அடுத்த மாதம் பாக்கி 58,478. அதற்கு வட்டியும் வரியும் 2,415. இப்போது 1,585 குறைந்து 56,893 ஆகும். அதற்கடுத்த மாதம் 55,243. வட்டி மெல்ல மெல்ல இறங்க, குறையும் தொகை மெல்ல மெல்ல ஏறும். ஆறு தவணை முடிந்ததும் நீங்கள் கட்டியது 24,000, பாக்கி இறங்கியது ஏறத்தாழ 10,130 மட்டும். அரையாண்டு கட்டியும் இன்னும் ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறதே என்று யாரும் பதற வேண்டாம். வங்கி தப்பாக எடுத்துவிடவில்லை, இந்தக் கணக்கின் போக்கே அப்படித்தான். வேகமெல்லாம் கடைசி எட்டுப் பத்து மாதத்தில்தான் தெரியும்.

இப்போது அந்த 2,478-ஐ நீங்கள் கட்டும் 4,000-ஆல் வகுங்கள். 0.62 வருகிறது. அதாவது முதல் தவணையில் நூற்றுக்கு 62 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போகிறது. இதை வட்டிப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மாதம் ஆகும் என்பதை, விகிதம் ஒன்றாக இருக்கும்வரை, இந்த ஒரே எண் முடிவு செய்துவிடும். பாக்கி இருபதாயிரமா இரண்டு லட்சமா என்பது பொருட்டே இல்லை. மாதம் 4.13-க்கு அட்டவணை இதோ:

| வட்டிப் பங்கு | தீர ஆகும் மாதம் |
|---|---|
| 0.3 | 9 |
| 0.4 | 13 |
| 0.5 | 18 |
| 0.6 | 23 |
| 0.7 | 30 |
| 0.8 | 40 |
| 0.9 | 57 |

கடைசித் தவணை சிறியதாக இருந்தாலும் அதையும் ஒரு மாதமாக எண்ணிப் போட்டிருக்கிறது. 0.62 என்பது 0.6-க்குக் கொஞ்சம் மேலே, ஆகவே 24. கையில் காகிதமோ கணினியோ இல்லாமல் நின்ற இடத்தில் மதிப்பிட இது போதும். மேலிருந்து கீழே பாருங்கள்: 0.3-லிருந்து 0.4-க்குப் போக நாலு மாதம்தான் கூடுகிறது, 0.8-லிருந்து 0.9-க்குப் போனாலோ பதினேழு மாதம் கூடுகிறது. மாதத் தொகை வட்டியை நெருங்க நெருங்க, காலம் கட்டுக்கடங்காமல் நீளும்.

நான்காம் படி: துல்லியமான விடை

போன் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் ln என்ற பொத்தான் பெரும்பாலும் வரும். அது இருந்தால் போதும். கட்டும் தொகையிலிருந்து முதல் மாத வட்டியையும் வரியையும் கழியுங்கள்: 4,000 − 2,478 = 1,522. கட்டும் தொகையை இதால் வகுங்கள்: 4,000 ÷ 1,522 = 2.628. இதற்கு ln அழுத்தினால் 0.9663. அடுத்து 1.0413-க்கு ln அழுத்தினால் 0.04047. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 23.88. முழுசாக 23 தவணை, 24-வது தவணை கொஞ்சம் குறைவாக என்று இதற்குப் பொருள். அந்தக் கடைசித் தவணை 3,514 ரூபாய்.

எக்செலோ கூகுள் ஷீட்டோ இருந்தால் ஒரே வரியில் முடியும். இரண்டாவது வரி எதிர்த்திசைக் கணக்கு: இத்தனை மாதத்தில் தீர வேண்டும் என்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும்.

```
=NPER(0.0413,-4000,60000)
=PMT(0.0413,12,-60000)
```

முதல் வரியில் 4000-க்கு முன்னால் கழித்தல் குறி கட்டாயம் வேண்டும். அதை விட்டால் அர்த்தமில்லாத ஓர் எண் வந்து நிற்கும். விகிதத்தை 4.13 என்று போடாமல் 0.0413 என்று போடுங்கள். விடைக்குப் பதிலாக #NUM! என்று வந்தால் ஷீட்டில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கட்டும் தொகை முதல் மாத வட்டியையும் வரியையும்கூடத் தாண்டவில்லை, அந்தப் பாக்கி ஒருநாளும் தீராது என்று அது சொல்கிறது. இரண்டாவது வரிக்கு விடை 6,441 ரூபாய் சொச்சம். ஓராண்டில் தீர்க்க வேண்டுமானால் மாதம் 6,442 வேண்டும்.

இதே 60,000-க்கு வெவ்வேறு தொகை வைத்துப் பார்த்தால் கதை தெளிவாகும். மாதம் 6,000 கட்டினால் 14 தவணை, மொத்தம் ஏறத்தாழ 79,000. மாதம் 5,000 என்றால் 17 தவணை, மொத்தம் 84,560. 4,000-க்கு 24 தவணை, 95,510. 3,000-க்கு 44 தவணை, 1,29,640. 2,500 கட்ட முடிகிற கார்டாக இருந்தால் 117 தவணை, அதாவது பத்தாண்டுக்கு மூன்றே மாதம் குறைவு, மொத்தம் 2,92,000-க்கும் மேல். நாலாயிரத்தை மூவாயிரமாகக் குறைத்தால் மாதம் ஆயிரம் மிச்சம்போலத் தோன்றும். ஆனால் அது இருபது மாதத்தையும் 34,000 ரூபாயையும் கூட்டிவிடுகிறது. ஆகவே முதல் ஆண்டில் வேறெதை வேண்டுமானாலும் இறுக்கிப் பிடியுங்கள், இந்தத் தொகையில் மட்டும் கைவைக்காதீர்கள்.

போட்ட கணக்கு பிசகும் இடங்கள்

முதலாவது, அதே கார்டில் தொடர்ந்து வாங்குவது. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. பெட்ரோல் போட்ட நிமிஷத்திலிருந்து வட்டி ஓடும். அதைவிடப் பெரிய விஷயம், புதிதாக வாங்கியதை மாதத் தொகையிலிருந்து கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். நாலாயிரம் கட்டிவிட்டு 1,500-க்கு மளிகை தேய்த்தால், பாக்கிக்கு உண்மையில் போவது 2,500. இருபத்து நாலு மாதக் கணக்கு பத்தாண்டுக் கணக்காக மாறிவிடும். 2,000-க்குத் தேய்த்தால் நிகரம் 2,000 தான், வட்டியும் வரியுமோ 2,478. மாதா மாதம் தவறாமல் கட்டியும் பாக்கி ஏறிக்கொண்டே போகும். கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுவது நல்லது. கார்டில் தானாகப் பிடித்தம் ஆகும் மொபைல் ரீசார்ஜ், சந்தா எல்லாவற்றையும் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பூட்டி வைத்த கார்டிலும் அவை விழுந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, கட்டும் நாள். மேலே போட்ட கணக்கு, மாத முடிவில் கட்டுவதாக வைத்துப் போட்டது. உண்மையில் வட்டி நாள்கணக்கில் ஓடுகிறது. பில் வந்து இருபதாவது நாள் கட்டுபவர், மீதிப் பத்து நாளுக்கு நாலாயிரத்தின் வட்டியை மிச்சம் பிடிக்கிறார், அது மாதம் 55 ரூபாய். பில் வந்த மறுநாளே கட்டுபவருக்கு அது 160 ரூபாய்போல. கெடு தேதிவரை காத்திருப்பவரைவிட, மறுநாளே கட்டுபவருக்கு ஏறத்தாழ ஒரு தவணை முன்னதாகவே பாக்கி தீரும். பாக்கி இல்லாதவர் கெடு தேதிவரை பணத்தைக் கையில் வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம். பாக்கி வைத்திருப்பவருக்கு அது நஷ்டம். சம்பளமோ தேங்காய்ப் பணமோ கைக்கு வந்த அன்றே கட்டிவிடுங்கள், கெடு தேதியைப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, இடையில் விடும் மாதம். ஒரு தவணையை விட்டால் அந்த மாத வட்டியும் வரியும் பாக்கியில் நிற்கும், தாமதக் கட்டணமும் அதற்கு 18 சதவீத வரியும் சேரும். அப்படி நடந்துவிட்டால் பழைய கணக்கில் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். புதிய ஸ்டேட்மென்ட்டில் உள்ள மொத்தத் தொகையை எடுத்து முதலிலிருந்து போடுங்கள்.

இடையில் கொஞ்சம் பணம் வந்தால்

ஓணம் போனஸாக 10,000 வந்து, ஆறாவது தவணையோடு சேர்த்துக் கட்டுவதாக வைப்போம். அப்போது பாக்கி 49,872. பத்தாயிரம் போனால் 39,872. புதிய வட்டிப் பங்கு: 39,872 × 0.0413 ÷ 4,000 = 0.41. அட்டவணையில் அது பதிமூன்றைச் சற்றே தாண்டும். ஆறையும் சேர்த்தால் 19 முழுத் தவணையோடு கடைசியாக 440 ரூபாய் சொச்சம். மொத்தமாகக் கட்டியது 86,440. பத்தாயிரம் போட்டதால் மிச்சமானது 9,075 ரூபாய். இதே பத்தாயிரத்தை இருபதாவது மாதத்தில் போட்டால் இதில் சிறு பங்குதான் மிச்சமாகும். ஆகவே எவ்வளவு வருகிறது என்பதோடு எப்போது வருகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டில் நகை இருந்தால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதம் 1 சதவீத வட்டிக்கு 60,000 நகைக் கடன் வாங்கிக் கார்டை ஒரேயடியாக அடைத்துவிட்டு, அதே நாலாயிரத்தை மாதம் கடனுக்குக் கட்டினால் 17 தவணையில் முடியும், மொத்தம் 65,340. கார்டிலேயே வைத்திருந்தால் 95,510. முப்பதாயிரம் வித்தியாசம். நீங்கள் வாங்கும் இடத்தில் விகிதம் வேறாக இருக்கும், மதிப்பீட்டுக் கட்டணமும் இருக்கலாம். அந்த எண்களை அதே NPER-ல் போட்டு ஒப்பிடுங்கள். இந்த மாற்றத்தில் உள்ள ஆபத்து ஒன்றே ஒன்று: காலியான கார்டு மறுபடி கண்ணில் பட்டு, இரண்டு கடனும் சேர்ந்து நிற்பது.

கடைசி பில்

இருபத்து மூன்று தவணை முடிந்து, கடைசி ஸ்டேட்மென்ட்டில் மூவாயிரத்துச் சொச்சம் வந்து, அதை முழுசாகக் கட்டிவிட்டீர்கள். அடுத்த மாதம் பார்த்தால் 90 ரூபாய்போல ஒரு பில் வந்து நிற்கும். ஸ்டேட்மென்ட் அச்சான நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள்வரை ஓடிய வட்டியும் அதற்கான வரியும் அது. தீர்ந்துவிட்டது என்று அதைப் பார்க்காமல் விட்டவர்களுக்குத்தான் தாமதக் கட்டணம் என்று ஒரு புதுப் பாக்கி முளைக்கிறது. அதையும் கட்டி, அதற்கடுத்த ஸ்டேட்மென்ட்டில் Total Amount Due பூஜ்யம் என்று வரும்வரை குறுஞ்செய்திகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். பூஜ்யம் வந்த பிறகு வாங்கும் பொருளுக்குத்தான் வட்டியில்லா நாட்கள் மறுபடி கிடைக்கும்.